ஆர்டர் வருது, ஆனா துணி வாங்கக் காசில்லை. தனி அக்கவுண்ட் போட்டா சரியாகுமா?

தையல்மெஷின்:
வணக்கம். வீட்டிலேயே துணிப்பை தைச்சு விக்கிறேன். ஆர்டருக்குக் குறைச்சலே இல்லை. ஆனா ஒவ்வொரு மாசமும் துணி எடுக்கப் போகும்போது அக்கவுண்ட்ல காசு இருக்கிறதில்லை. வீட்டுச் செலவும் இதே அக்கவுண்ட்லதான் போகுது. பிசினஸுக்குத் தனி அக்கவுண்ட் திறக்கச் சொல்றாங்க. அதே காசு ரெண்டு இடத்துல இருந்தா மட்டும் எப்படி மிஞ்சும்? திறந்தா முதல்ல எவ்வளவு போடணும்? கொஞ்சம் அவசரம், நாளன்னிக்கு துணி எடுக்கணும்.

நூல்கண்டு:
விலை குறைச்சு விக்கிறீங்க, அதான். பை விலையை ஏத்துங்க, எல்லாம் சரியாகும்.

ரசீதுப்பை:
விலையே சொல்லலையே, அதுக்குள்ள குறைவுன்னு எப்படித் தெரியும்? தோழி, இதெல்லாம் சொல்லுங்க: இன்னிக்கு அக்கவுண்ட்ல எவ்வளவு இருக்கு? அட்வான்ஸ் வாங்குறீங்களா? துணிக்கடையில பாக்கி இருக்கா? அக்கவுண்ட் உங்க பேர்ல மட்டுமா, ஜாயிண்டா?

பேரேடு:
இந்த மாதிரிக் கேள்வி மாசத்துக்கு நாலு வருது. கணக்கு எழுதாதவங்க பத்து அக்கவுண்ட் திறந்தாலும் பத்துலயும் காசு காணாமத்தான் போகும். முதல்ல ஒரு நோட்டு வாங்கி ரெண்டு பத்தி கோடு போடுங்க. ஒண்ணு வீடு, ஒண்ணு தொழில். அக்கவுண்ட் ஒண்ணே போதும்.

தையல்மெஷின்:
அவசரத்துல விட்டுட்டேன், மன்னிக்கணும். இப்போ இருப்பு 31,400. வீட்டுக்காரரோட ஜாயிண்ட் அக்கவுண்ட், அவர் சம்பளமும் அதுலதான் வரும். கையில 50 பை ஆர்டர் இருக்கு. ஒரு பை 400, மொத்தம் 20,000. பாதி, 10,000, அட்வான்ஸா வந்துடுச்சு. இன்னும் துணி எடுக்கலை. துணி, நூல், ஜிப் எல்லாம் சேர்த்து 9,200 ஆகும். துணிக்கடையில பழைய பாக்கி 8,600. வீட்டு வாடகை 14,000 இன்னும் கட்டலை.

நூல்கண்டு:
அப்போ சுலபம். பாக்கி 8,600, அட்வான்ஸ் 10,000, துணிக்கு 9,200. மொத்தம் 27,800-ஐப் புது அக்கவுண்டுக்கு மாத்திடுங்க.

வரவுசெலவு:
இதுல ஒரு தொகை ரெண்டு தடவை வந்திருக்கு. அந்த 9,200-க்குத் துணி வாங்கத்தான் 10,000 அட்வான்ஸே வந்திருக்கு. ரெண்டையும் கூட்டக்கூடாது. அட்வான்ஸை முழுசா எடுத்து வைக்கணும், ஏன்னா பை கைக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் அது ஆர்டர் கொடுத்தவங்க காசு. ஆர்டர் ரத்தானா திருப்பித் தரவேண்டி வரும். ஆகவே 10,000 + 8,600 = 18,600. புது அக்கவுண்டுக்கு முதல் நாள் போகவேண்டியது குறைந்தபட்சம் இவ்வளவு.

இப்போ மிச்சத்தைப் பாருங்க. 31,400-ல் 18,600 போனா வீட்டுக்கு உள்ளது 12,800. வாடகை 14,000. அதாவது 1,200 துண்டு விழுது. இத்தனை நாளா அந்தத் துண்டை யார் கட்டியிருக்காங்கன்னா, பைக்கு அட்வான்ஸ் கொடுத்தவங்கதான். அடுத்த ஆர்டரோட அட்வான்ஸ்ல இந்த ஆர்டருக்குத் துணி வாங்கி ஓட்டியிருப்பீங்க. ஆர்டர் வந்துக்கிட்டே இருக்கிற வரைக்கும் இது கண்ணுக்குத் தெரியாது. ஒரு மாசம் ஆர்டர் குறைஞ்சா சங்கிலி அறுந்திடும்.

உங்க முதல் கேள்விக்கு இதுதான் பதில். அக்கவுண்ட் பிரிச்சா காசு பெருகாது. 31,400-னு திரையில தெரியும்போது வீட்ல எல்லாரும் அதை நம்ம காசுன்னு நினைச்சுத்தான் செலவு பண்றாங்க. பிரிச்ச அன்னிக்கே அது 12,800-னு தெரிஞ்சுடும்.

பேரேடு:
நான் சொன்ன நோட்டுல எழுதினாலும் இதே 12,800 வரும்.

வரவுசெலவு:
வரும். ஆனா நோட்டு செலவு ஆனபிறகு சொல்லும். ஜாயிண்ட் அக்கவுண்ட்ல வீட்டுக்காரர் கார்டைத் தேய்க்கும்போது நோட்டு அலமாரியில இருக்கும், கார்டு இருப்பை மட்டும்தான் பார்க்கும். நோட்டு வேணாம்னு நான் சொல்லலை சார். தனி அக்கவுண்ட் இருந்தா எழுதுற வேலை பாதியாகும், ஏன்னா வங்கி ஸ்டேட்மெண்ட்ல வர்ற ஒவ்வொரு வரியும் தொழிலைச் சேர்ந்ததுதான். கலந்து கிடந்தா வருஷக் கடைசியில நானூறு வரியில எது ஜிப், எது வீட்டுச் சாமான்னு நினைவுல இருந்து பிரிக்கணும். அப்போ தப்பு நேர்றது எப்பவும் சின்னச் செலவுலதான். ஊசி, பேக்கிங் கவர், டெலிவரின்னு கணக்குல ஏறவேண்டிய செலவெல்லாம் விட்டுப்போய், லாபம் இருக்கிறதைவிடக் கூடுதலாத் தெரியும். வரியும் கூடும்.

கரும்பலகை:
குறுக்கே கேக்குறதுக்கு மன்னிக்கணும். நான் வீட்ல டியூஷன் எடுக்குறேன். துணி, பாக்கின்னு எதுவும் கிடையாது. எனக்கும் இது வேணுமா?

ரசீதுப்பை:
ஃபீஸ் மாசாமாசமா, மொத்தமாவா?

கரும்பலகை:
மூணு மாசத்துக்கு முன்கூட்டியே வாங்கிடுவேன்.

ரசீதுப்பை:
அப்போ நீங்களும் அட்வான்ஸ் கையில வச்சிருக்கிறவர்தான். முதல் மாசம் முடிஞ்சா மூணுல ஒரு பங்குதான் உங்களுது. ஒரு பிள்ளை நடுவுல நின்னா மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க அக்கவுண்ட்ல இருக்கணும்.

நூல்கண்டு:
தையல்மெஷின், ஒரு யோசனை. பழைய அக்கவுண்டைத் தொழிலுக்கு வச்சுக்கிட்டு வீட்டுக்குப் புதுசு திறங்க. வாங்குறவங்ககிட்ட எல்லாம் பழைய நம்பர்தானே இருக்கு.

வரவுசெலவு:
அக்கவுண்ட் அவங்க பேர்ல மட்டும் இருந்தா இது நல்ல யோசனை. இங்கே ஜாயிண்ட், சம்பளமும் அதுலதான் வருது. அதனால தொழிலை நகர்த்துறதுதான் சுலபம், அதுவும் உங்க ஒருத்தர் பேர்ல.

திறக்கும்போது வங்கியில மூணு விஷயம் கேளுங்க. மாசக் கட்டணம் எவ்வளவு, குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, சாதாரண சேமிப்புக் கணக்குல தொழில் வரவு வரலாமா. மூணாவதைக் கட்டாயம் கேக்கணும். சில வங்கிகளோட விதிமுறையில கூடாதுன்னே இருக்கும், அங்கே வரவு அதிகமானா கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. தொழில் கணக்குதான் வேணும்னு சொன்னா, கட்டணம் குறைவா உள்ளதாப் பார்த்துத் திறங்க.

புது நம்பரை எல்லாருக்கும் அனுப்பினாலும் ரெண்டு மாசத்துக்குச் சிலர் பழைய நம்பருக்குத்தான் போடுவாங்க. அப்படி வந்த காசை மாசக் கடைசியில மொத்தமா மாத்தாதீங்க. 4,000 வந்தா அதே 4,000-ஐ, வந்த அன்னிக்கே, குறிப்புல ஆர்டர் நம்பர் போட்டு மாத்துங்க. மூணு வரவைச் சேர்த்து 9,350-னு மாத்தினா பிறகு எந்த ஆர்டருக்கு எதுன்னு தெரியாது.

கரும்பலகை:
நம்ம அக்கவுண்ட்ல இருந்து நம்ம அக்கவுண்டுக்கே மாத்தினா அதுவும் வருமானம்னு வரி போட்டுட மாட்டாங்களா?

பேரேடு:
அடிப்படையே தெரியலை. ஒரு பாக்கெட்ல இருந்து இன்னொரு பாக்கெட்டுக்கு மாத்தினா வருமானம் ஆகுமா?

ரசீதுப்பை:
கேக்குறதுல தப்பில்லை சார். கரும்பலகை, தனி ஆளா நடத்துற தொழில்ல சொந்தக் காசை மாத்துறது வருமானம் இல்லை. ஆனா ஸ்டேட்மெண்ட் பார்க்கிறவங்களுக்கு அது விற்பனை மாதிரியும் தெரியலாம். அதனாலதான் குறிப்புல "சொந்த முதல் போட்டது"ன்னு எழுதணும். கம்பெனியாப் பதிவு பண்ணியிருந்தா கதை வேற. அங்கே கம்பெனிக் காசு உங்க காசே இல்லை, எடுக்கிறதுக்குத் தனி விதி இருக்கு.

தையல்மெஷின்:
கம்பெனி எல்லாம் இல்லை. சரி, நான் வீட்டுக்குக் காசு எப்படி எடுக்கிறது? அவசரத்துக்குத் தொழில் கார்டை வீட்டுக்குத் தேய்ச்சுட்டா?

நூல்கண்டு:
தேய்ச்சுட்டா அதே தொகையைத் திரும்பப் போட்டுடுங்க. கணக்கு நேராயிடும்.

வரவுசெலவு:
இருப்பு நேராகும், ஏட்டுல ரெண்டு வரி கூடும். ஒண்ணு செலவு மாதிரியும் ஒண்ணு விற்பனை மாதிரியும் நிக்கும். அதைவிட அந்த வரியில "வீட்டுக்கு எடுத்தது"ன்னு எழுதிட்டு, அடுத்த தடவை வீட்டுக்கு எடுக்கிறதுல அதைக் கழிச்சுக்கலாம். தலைகீழா, வீட்டுக் காசுல நூல் வாங்கிட்டா, ரசீதுல உள்ள அதே தொகையை, 340-னா 340-ஐ, தொழில் அக்கவுண்ட்ல இருந்து வீட்டுக்கு மாத்துங்க. 350-னு ரவுண்டு பண்ணாதீங்க, ரசீதோட பொருந்தாது.

எடுக்கிறது மாசம் ஒரே தேதி, ஒரே தொகை. எவ்வளவுன்னா, போய்ச் சேர்ந்து முழுப்பணமும் வந்த பைகளை மட்டும் எண்ணுங்க. 50 பைக்குச் சாமான் 9,200-னா ஒண்ணுக்கு 184. பேக்கிங்கும் டெலிவரியும் எவ்வளவு?

தையல்மெஷின்:
பைக்கு 46 வரும்.

வரவுசெலவு:
அப்போ செலவு 230, மிச்சம் 170. மாசம் 60 பை போனா 10,200. அதை முழுசா எடுக்காதீங்க. மெஷின் ரிப்பேர், கறைபட்டுத் திரும்புற பை, வரி எல்லாம் இதுக்குள்ளதான் வரணும். முதல் மூணு மாசம் 6,000 எடுங்க.

மாசக் கடைசியில ஒரே ஒரு கழித்தல் போதும். தொழில் அக்கவுண்ட் இருப்புல இருந்து இன்னும் அனுப்பாத ஆர்டரோட அட்வான்ஸையும் கடைப் பாக்கியையும் கழிங்க. மிஞ்சுறதுதான் தொழிலோட சொந்தக் காசு. முதல் நாள் அது சுழி. அடுத்தடுத்த மாசம் ஏறினா 6,000 தாங்கும். சுழிக்குக் கீழே போனா வீடு மறுபடியும் அட்வான்ஸைத் தின்னுதுன்னு அர்த்தம். ஒரு எச்சரிக்கை: இன்னும் அனுப்பாத ஆர்டருக்குத் துணி எடுத்திருந்தாலும், மலிவாக் கிடைச்சதுன்னு மூணு மாசத் துணியை மொத்தமா எடுத்திருந்தாலும் இந்தத் தொகை இறங்கும், சுழிக்குக் கீழேயும் போகலாம். அது நஷ்டமில்லை. அலமாரியையும் ஒரு பார்வை பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

பேரேடு:
6,000 எந்தக் கணக்கு? வர்ற பணத்துல இத்தனை சதவீதம்னு எடுக்கிறதுதான் முறை. ஆர்டர் இல்லாத மாசமும் 6,000 எடுத்தா தொழில் என்னாகும்?

வரவுசெலவு:
ஆர்டர் இல்லாத மாசத்துக்கு நீங்க சொல்றது சரி. ஆனா வரவுல சதவீதம் எடுத்தா அட்வான்ஸ்லயும் சதவீதம் போயிடும், இவங்க சிக்கலே அதுதான். முழுசா முடிஞ்ச ஆர்டர்ல மட்டும் சதவீதம்னா எனக்கும் சம்மதம்.

பேரேடு:
முடிஞ்ச ஆர்டர்லன்னுதான் நானும் சொல்றேன்.

நூல்கண்டு:
சதவீதம்னா வீட்ல பட்ஜெட் போட முடியாதே. வாடகை மாசாமாசம் ஒரே தொகைதானே.

ரசீதுப்பை:
இது தனி இழைக்கான விஷயம். அவங்களுக்கு நாளன்னிக்கு துணி எடுக்கணும். தோழி, வாடகைக்குத் துண்டு விழுற 1,200-க்கு என்ன வழி?

தையல்மெஷின்: *(நாலு நாள் கழிச்சு)*
என் பேர்ல மட்டும் அக்கவுண்ட் திறந்து 18,600 மாத்திட்டேன். துணி அதுலதான் எடுத்தேன், கடைப் பாக்கியும் தீர்ந்தது. வாடகையை வீட்டுக்காரர் சம்பளம் வந்ததும் கட்டுறதா வீட்டுச் சொந்தக்காரர்கிட்ட நாலு நாள் தவணை கேட்டிருக்கோம். ரெண்டு பேர் இன்னும் பழைய நம்பருக்குத்தான் போட்டிருக்காங்க, வந்த தொகையை அப்படியே மாத்திட்டேன். வீட்டுக்காரர் திரையைப் பார்த்துட்டு இவ்வளவுதானான்னு கேட்டார். மத்ததை அப்புறம் எழுதுறேன், மெஷின்ல உட்காரணும்.

கரும்பலகை:
நானும் என் தங்கையும் சேர்ந்து டியூஷன் எடுக்குறோம். அக்கவுண்ட் யார் பேர்ல போடுறது? ஜாயிண்ட் வேணாம்னா எப்படி?