பதிவுக்கு முன் வரி பாக்கியைக் கட்ட விற்பவர் மறுக்கிறார், என்ன செய்யலாம்?

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் ஒரு பழைய வீடு, அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டாச்சு, அடுத்த வாரம் பதிவு. வில்லங்கம் சுத்தம். ஆனால் வில்லங்கத்தில் வரி பாக்கி தெரியாதே என்று வரி விதிப்பு எண்ணைப் போட்டு ஆன்லைனில் பார்த்தால், 2022-லிருந்து சொத்து வரியும் குடிநீர்க் கட்டணமும் கட்டவே இல்லை, 38,000 ரூபாய் நிற்கிறது. ஈபி பில்லும் பாக்கி, பியூஸ் கட்டையைப் பிடுங்கிட்டுப் போயிருக்காங்க.

கட்டி ரசீது தாங்க அண்ணாச்சி என்றால் "பதிவு முடியட்டும், பாத்துக்கிடலாம்" என்கிறார். புரோக்கரும் அதே பாட்டு. பாக்கி விற்பவர் பொறுப்பு என்று அக்ரிமெண்டில் எழுதியிருப்பதைக் காட்டியும் அசையவில்லை. பாக்கியைத் தீர்க்காமல் வரியில் பெயர் மாற்ற முடியாது, கடைசியில் என் தலையில்தான் விழும்.

பதிவுக்கு முன் நானே அதைக் கட்டி மீதிப் பணத்தில் கழித்துக்கொண்டால், பத்திரத்தில் அந்தத் தொகையை எப்படி எழுத வேண்டும்?