வியாழன் நனைந்தாள், வெள்ளி தொண்டை வலி: பழி மழைக்கா?

வித்யா:
ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் வியாழன் சாயங்காலம் ட்யூஷனிலிருந்து தொப்பலாக நனைந்து வந்தாள். தலையைச் சரியாகத் துவட்டாமல் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளி காலை எச்சில் விழுங்க முடியவில்லை என்கிறாள். மழையும் ஃபேனும்தான் காரணம் என்கிறார் மாமியார். கிருமிதான், மழைக்குச் சம்பந்தமே இல்லை என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?

செந்தில்:
உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. தொண்டை வலி என்றால் தொற்று. மழைத் தண்ணீரிலோ ஃபேன் காற்றிலோ அது முளைக்காது. அசித்ரோமைசின் மூன்று நாள் கொடுங்கள், திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போய்விடுவாள். என் மருந்துக்கடையில் இந்த வாரம் நாற்பது பேராவது இதற்கு வந்திருப்பார்கள்.

ராஜகோபால்:
நாற்பது பேர் மழைக்காலத்தில் வந்தார்களே, சித்திரையில் ஏன் வரவில்லை தம்பி? எனக்கு அறுபத்தெட்டு வயது. நனைந்த மறுநாள் தொண்டை கட்டுவதை என் உடம்பில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். அதெல்லாம் பிரமையா?

கலைச்செல்வி:
பிரமை இல்லை ஐயா, நாள் கணக்கில்தான் பிசகு. காது மூக்கு தொண்டைப் பிரிவில் இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்தேன். இப்படி யார் வந்தாலும் "எப்போது நனைந்தாய்" என்று கேட்கமாட்டேன், "மூன்று நாள் முன்னால் யாரோடு இருந்தாய்" என்றுதான் கேட்பேன்.

சாதாரணச் சளி வைரஸ் மூக்குக்குள் போய், தொண்டை கரகரக்கத் தொடங்கப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். அதற்கு முன்பே வருவதும் உண்டு, ஆனால் குறைவு. ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியாவாக இருந்தால் இரண்டிலிருந்து ஐந்து நாள். வித்யாவின் மகள் வியாழன் மாலை நனைந்தாள், பன்னிரண்டு மணி நேரத்தில் வலி. அப்படியானால் கிருமி செவ்வாயோ புதனோ உள்ளே போயிருக்கவே வாய்ப்பு அதிகம். அவள் நனைந்தபோது அது ஏற்கெனவே குடியிருந்தது.

மழைக்காலத்தில் கூட்டம் ஏன் என்றால், பேருந்தில் ஷட்டரை இறக்கிவிட்டு அறுபது பேர் ஒரே காற்றை இழுக்கிறோம், வகுப்பறை ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

இங்கிலாந்தில் சாலிஸ்பரியில் 1946 முதல் 1990 வரை சளிக்கென்றே ஓர் ஆய்வு நிலையம் இருந்தது. தன்னார்வலர்களை வெந்நீரில் குளிக்கவைத்து, ஈர உடையோடு காற்றடிக்கும் நடையில் நிற்கவைத்தார்கள். அப்புறம் ஈர சாக்ஸும் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். வைரஸ் கொடுக்காமல் குளிர் மட்டும் பட்டவர்களுக்குச் சளி பிடிக்கவில்லை.

அன்வர்:
எனக்கும் இதே பிரச்சினை. தினமும் காலையில் தொண்டை முள் குத்துகிற மாதிரி இருக்கிறது. மழையே இல்லை, ஃபேன் மட்டும்தான், ஐந்தில் சுற்றும். இட்லி சாப்பிட்டு முடிப்பதற்குள் போய்விடுகிறது. ஏசி வாங்கினால் சரியாகுமா?

கலைச்செல்வி:
தம்பி, உங்களுடையது வேறு கதை. நீங்கள் குறட்டை விடுவீர்களா, ஒரு பக்கம் மூக்கு அடைக்குமா? வாயைத் திறந்து தூங்குகிறவர் முகத்தில் ராத்திரி முழுக்கக் காற்று அடித்தால் தொண்டைச் சவ்வு காய்ந்துவிடும். அது எரிச்சல், தொற்று இல்லை. தண்ணீர் குடித்து ஒரு மணி நேரத்தில் மறைவதுதான் அடையாளம். தொற்று என்றால் இட்லி விழுங்கவே வலிக்கும், மத்தியானமும் விடாது. ஏசி இன்னும் காயவைக்கும். மூக்கைக் காட்டுங்கள்.

அந்த அளவுக்கு வித்யாவின் மாமியார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஃபேன் தொண்டையை வலிக்கவைக்கும். காய்ச்சல் வரவைக்காது.

ராஜகோபால்:
பாதி நியாயம் போதாது அம்மா. சாலிஸ்பரியைச் சொன்னீர்கள், வேல்ஸில் இருக்கும் கார்டிஃப் பல்கலைக்கழகத்தை ஏன் விட்டீர்கள்? 2005ல் அங்கே 90 பேரின் வெறுங்காலைக் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் வைத்தார்கள். இன்னொரு 90 பேர் சாக்ஸும் ஷூவுமாக வெறும் தொட்டியில் கால் வைத்தார்கள். அடுத்த சில நாளில் நனைந்தவர்களில் 13 பேருக்குச் சளி, நனையாதவர்களில் 5 பேருக்கு. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் பழமொழியையே எடுத்துக்கொள்ளுங்கள். பழம் பழுத்துத்தான் இருந்தது. காக்கை உட்காராவிட்டால் அன்றைக்கு விழுந்திருக்குமா?

கலைச்செல்வி:
நல்ல கேள்வி, அதைத் தள்ள முடியாது. கிருமி மூக்கில் சத்தம் போடாமல் இருக்கும்போது கால் குளிர்ந்தால் மூக்கின் ரத்தக் குழாய் சுருங்கும், காவல் தளரும், நோய் வெளியே தெரியும் என்பதுதான் அவர்கள் விளக்கமும். ஆனால் அந்த 13 பேருக்கும் மூக்கில் குச்சி விட்டு வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. "சளி இருக்கிறது" என்று அவர்களே சொன்னதுதான் கணக்கு. காலைத் தண்ணீரில் வைத்தவருக்குத் தான் நனைந்தது தெரியும் இல்லையா? ஒரு தும்மலையும் எழுதிக்கொடுப்பார்.

இன்னொன்றும் உங்கள் பக்கம் சேரும், நானே சொல்லிவிடுகிறேன். 2015ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலியின் சுவாசக்குழாய் செல்களில் பார்த்தார்கள். உடம்பின் 37 டிகிரியைவிட மூக்கின் 33 டிகிரியில் சளி வைரஸ் நன்றாகப் பெருகியது, செல்லின் எதிர்ப்பும் மந்தமாக இருந்தது. எலி செல்லுக்கும் வேளச்சேரி மழைக்கும் தூரம் அதிகம், அவ்வளவுதான்.

ராஜகோபால்:
அப்படியானால் "சம்பந்தமே இல்லை" என்பதும் தவறு.

கலைச்செல்வி:
"சம்பந்தமே இல்லை" என்று நான் சொல்லவில்லையே. கிருமி இல்லாமல் மழை மட்டும் தொற்றைத் தராது. அதற்கு மேல் நான் சத்தியம் செய்யமாட்டேன்.

செந்தில் தம்பிக்கு ஒரு வார்த்தை. தொற்று என்று சொன்னது சரி, அசித்ரோமைசின் சொன்னது சரியில்லை. பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது, பாக்டீரியாவுக்கான அந்த மாத்திரைக்கு அதில் வேலையே கிடையாது. வித்யா, டார்ச் அடித்துப் பாருங்கள். டான்சில் மேல் வெள்ளைத் திட்டு, நல்ல காய்ச்சல், தாடைக்குக் கீழே தொட்டால் வலிக்கும் நெறி, கூடவே இருமல் இல்லாமை, இவை சேர்ந்திருந்தால் ஸ்ட்ரெப் ஆக இருக்கலாம். அவள் வயசில் அது சகஜம், கவனிக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்கு இதயம்வரை போகும். டாக்டர் பார்த்துத்தான் மருந்து. மூக்கு ஒழுகி இருமல் இருந்தால் உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பும் பாராசிட்டமாலும் போதும். மூச்சு விடத் திணறினாலோ எச்சிலையே விழுங்காமல் வழியவிட்டாலோ நாள் பார்க்காமல் ஓடுங்கள்.

செந்தில்:
கடைக்கு வருகிறவர்கள் வெறும் கையோடு போகமாட்டேன் என்கிறார்கள் அக்கா. உப்பை நான் எப்படி விற்பது?

வித்யா:
சனிக்கிழமை இரவு எழுதுகிறேன். திட்டு எதுவும் இல்லை. இன்று காலையிலிருந்து மூக்கு ஒழுகுகிறது, இருமலும் வந்துவிட்டது. கேட்டுப் பார்த்தேன், செவ்வாய் ட்யூஷனில் பக்கத்துப் பையன் இருமிக்கொண்டே இருந்தானாம், அவனுடைய தண்ணீர் பாட்டிலில்தான் இவளும் குடித்திருக்கிறாள். மாமியாரிடம் சொன்னேன். "அந்தப் பையன் எதில் நனைந்தானோ" என்கிறார்.