புதுப்பிப்பு: இங்கிலாந்து விசா காகிதங்கள், தேதி வரிசையில்

“அண்ணே, செப்டம்பர்ல இங்கிலாந்துல மாஸ்டர்ஸ். எந்தக் காகிதத்தை முதல்ல எடுக்கணும்?” (பாம்பன் தம்பி)

அதிக நாள் இழுப்பதை முதலில் எடுங்கள்: பாஸ்போர்ட், பெயர் பதிந்த பிறப்புச் சான்றிதழ். தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். அப்புறம் காசநோய்ப் பரிசோதனை. அந்தச் சான்று 6 மாதம்தான் செல்லும், ரொம்ப முந்த வேண்டாம். கடைசியில் வங்கி அறிக்கை.

சறுக்குவது அங்கேதான். கட்டணப் பாக்கியும் தங்கும் செலவும் சேர்ந்த தொகை 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். தம்பியின் பணம் அப்பா கணக்கில். ஜூன் 1-இல் எண்ண ஆரம்பித்தோம். 14-ஆம் தேதியோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறதே என்று 13-ஆம் தேதி விசைப்படகு டீசலுக்கு அதிலிருந்து 80,000 ரூபாய் எடுத்து, 15-ஆம் தேதி திரும்பப் போட்டுவிட்டார். பாஸ்புக்கில் இரண்டே வரி. 15-ஆம் தேதியிலிருந்து மறுபடி எண்ண வேண்டியதாயிற்று; ஜூன் 28-இல் முடிய வேண்டியது ஜூலை 12-க்குப் போய்விட்டது.

“28 நாள் சராசரி இருப்பு போதும்” என்று மண்டபம் அண்ணன் எழுதியிருந்தார். 28 நாள் என்றது சரி, சராசரி செல்லாது. இங்கிலாந்தில் படித்துவந்த கீழக்கரை அக்கா சொன்னது இன்னும் முக்கியம்: அப்பா கணக்கு என்றால் அவருடைய சம்மதக் கடிதம் வேண்டும், 28 நாள் முடிந்த தேதியிலிருந்து 31 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

தொண்டித் தங்கை கேட்டது ஜெர்மனி விசாவுக்கு. அங்கே பணத்தை முன்கூட்டியே போட்டு மாதாமாதம் எடுக்கும் முடக்கக் கணக்கு, விதிகளே வேறு.

தம்பிக்கு விசா விண்ணப்பத்தில் போட வேண்டிய பல்கலைக்கழகத்தின் சேர்க்கை உறுதி எண் இன்னும் வரவில்லை. ஆகஸ்ட் 12-க்குள் வராவிட்டால் புது வங்கி அறிக்கை எடுக்க வேண்டும். அதுவரை அந்தக் கணக்கைத் தொடாதீர்கள் என்று அப்பாவிடம் நேரிலேயே சொல்லிவிட்டு வந்தேன்.