பட்ஜெட்டை வருசாவருசம் பூஜ்ஜியத்திலிருந்து போட முடியாதா?

தாமான் ரவி: அக்டோபர் வந்தால் மலேசிய நாடாளுமன்றத்தில் பட்ஜெட் வாசிக்கிறார்கள். போன வருசத்துத் தொகையோடு கொஞ்சம் கூட்டுகிறார்கள், அவ்வளவுதான். நாட்டுக்கு என்ன தேவை என்று முதலில் பட்டியல் போட்டு, ஒவ்வொரு செலவையும் புதிதாக நியாயப்படுத்தச் சொன்னால் என்ன?

செம்பனை சேகர்: அதுதான் சரி. அமெரிக்காவில் அதிபர் கார்ட்டர் 1977-இல் அப்படித்தான் கொண்டுவந்தார். இங்கேயும் 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் மானியத்தை எடுத்து லிட்டர் 2.15-லிருந்து 3.35 வெள்ளி ஆக்கினார்களே, அதுதான் முழுத் திட்டமிடல். மனசு வைத்தால் முடியும், சோம்பேறித்தனத்துக்குத்தான் கூட்டல் கணக்கு.

பழைய கிராணி: சேகர் தம்பி, கார்ட்டர் கொண்டுவந்தது உண்மை, 1981-இல் ரீகன் வந்ததும் அதைக் கைவிட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கு முன்பே 1962-இல் அமெரிக்க விவசாயத் துறை ஒருமுறை எல்லாச் செலவையும் அடியிலிருந்து நியாயப்படுத்தச் சொல்லிப் பார்த்தது. அதிகாரிகள் மலை மாதிரி காகிதம் எழுதினார்கள், கடைசியில் மாறியது சில்லறைதான். ஏன் என்றால் சட்டத்தால் கட்டாயமான செலவை எவ்வளவு எழுதினாலும் குறைக்க முடியாது, மீதியை ஒப்பிட்டுப் பார்க்க நேரமும் இல்லை. நம் 2025 பட்ஜெட்டையே எடுங்கள், மொத்தம் 421 பில்லியன் வெள்ளி, அதில் நிர்வாகச் செலவு 335 பில்லியன். அதிலும் பாதிக்கு மேல் சம்பளம், ஓய்வூதியம், கடன் வட்டி. இதைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கி என்ன செய்வீர்கள், ஓய்வூதியம் வேண்டுமா என்று வருசாவருசம் கேட்பீர்களா?

டீசல் விசயமும் உங்கள் பக்கம் நிற்காது. ஒரு எரிபொருள், தீபகற்பம் மட்டும், சபா சரவாக்கைத் தொடவில்லை, சிறுதோட்டக்காரர்களுக்கு மாதம் 200 வெள்ளி உதவி. பெட்ரோல் பக்கம் பிறகுதான் வந்தார்கள். அசல் படிப்படி வேலை அது.

மாலா (பெ.ஆ. சங்கம்): நாட்டுக் கணக்கு எனக்குத் தெரியாது, எங்கள் தமிழ்ப்பள்ளிச் சங்கத்துக் கதையைச் சொல்கிறேன். தோட்டத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவரும் வேனுக்குப் பத்து வருசத்துக்கு முன் 9,000 வெள்ளி ஒதுக்கினோம், அப்போது நாற்பது பிள்ளைகள். வருசம் மூன்று விழுக்காடு கூட்டிக்கூட்டி இப்போது 12,000-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. லயத்திலிருந்து எல்லாரும் தாமானுக்கு மாறிவிட்டார்கள், இப்போது ஏறுவது ஆறு பிள்ளைகள். கூட்டத்தில் கூடுதல் 350 வெள்ளியைப் பற்றி அரைமணி நேரம் சண்டை போடுவோம், மீதி 11,650-ஐப் பற்றி யாரும் வாய் திறந்ததே இல்லை.

செம்பனை சேகர்: பார்த்தீர்களா கிராணி அண்ணே! ஒரு பிள்ளைக்கு 225 வெள்ளியாக இருந்தது 2,000 ஆகிவிட்டது.

பழைய கிராணி: இது நியாயமான அடி, மறுக்கவில்லை. படிப்படி முறையின் நோயே இதுதான்: கூட்டுகிற தொகையைத்தான் பார்ப்பார்கள், அடித்தொகை கண்ணுக்குத் தெரியாது. கண்டுபிடிக்கிற வழியும் மாலா கணக்கிலேயே இருக்கிறது. மொத்தத்தைப் பார்க்காமல் ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும், தொகை ஏற ஏற ஆள் குறைந்தால் அந்தச் செலவைத் திறந்து பார்க்கணும்.

ஆனால் மாலா, உங்கள் கூட்டத்தில் முழுப் பட்ஜெட்டையும் பூஜ்ஜியத்திலிருந்து போடச் சொன்னால் என்ன நடக்கும்? டியூஷன் முக்கியமா, விளையாட்டா, பொங்கல் விழாவா என்று முதலில் வரிசைப்படுத்தணும். அந்த வரிசைக்கு யாரும் ஒத்துக்க மாட்டார்கள். அமெரிக்க அரசியல் அறிஞர் சார்ல்ஸ் லிண்ட்புளோம் 1959-இல் சொன்னதும் இதுதான்: நோக்கத்தில் ஒத்துப்போகாதவர்கள்கூட ஒரு குறிப்பிட்ட நடவடிக்கையில் ஒத்துப்போவார்கள். டியூஷனுக்கு ஆயிரம் கூட்டலாமா என்றால் விழாக்காரரும் தலையாட்டுவார்.

மாலா (பெ.ஆ. சங்கம்): அது நடந்திருக்கிறது. தலையாட்டிவிட்டு விழாவுக்கும் ஆயிரம் கேட்டார்.

தாமான் ரவி: அப்போ நடுவில் ஒன்று செய்தால்? வருசம் மூன்று செலவை மட்டும் அடியிலிருந்து பார்ப்பது, மீதிக்கு வழக்கமான கூட்டல். வேன் முதல் வருசமே மாட்டியிருக்கும்.

பழைய கிராணி: செய்யலாம். 1967-இல் சமூகவியல் அறிஞர் எட்சியோனி ஏறக்குறைய இந்த மாதிரி ஒரு வழி சொன்னார், மேலோட்டமாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சந்தேகம் வருகிற இடத்தில் மட்டும் ஆழமாக இறங்குவது.

செம்பனை சேகர்: எந்த மூன்று செலவு என்று முடிவு செய்வது யார்? பொருளாளர் தனக்குப் பிடிக்காத மூன்றைத்தான் எடுப்பார். எல்லாவற்றையும் பார்த்தால்தான் எல்லாருக்கும் ஒரே நீதி.

மாலா (பெ.ஆ. சங்கம்): எங்கள் பொருளாளருக்கு வேன் ஓட்டுநர் மச்சான்லா. எந்த முறையில் போட்டாலும் அந்தச் செலவு எப்படி வெளியே வரும் என்று அதையும் யாராவது சொல்லுங்கள்.

பழைய கிராணி: சீட்டுப் போட்டு எடுங்கள். அதற்குக்கூட முதலில் கூட்டம் ஒத்துக்கணும்.