ஐந்தாவது மஞ்சள் அட்டை: 19 ஆட்டம் தாண்டினால் கணக்கு அழிந்துவிடுமா?

நடுக்களம்:
பிரீமியர் லீக்கில் எங்கள் அணி 18 ஆட்டம் ஆடிவிட்டது. எங்கள் நடுக்கள வீரர் கையில் 4 மஞ்சள் அட்டை இருக்கிறது. அடுத்த ஆட்டத்தில் ஒன்று வாங்கினால் தடை என்கிறார்கள். வாங்காமல் 19-ஐத் தாண்டிவிட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று இன்னொருவர் சொல்கிறார். உண்மையா? 20-ஆவது லீக் ஆட்டத்துக்கு முன்னால் ஒரு கோப்பை ஆட்டம் வேறு இருக்கிறது. தடை வந்தால் அது எந்த ஆட்டத்தில் போகும்?

கார்னர் கொடி:
அழிந்துவிடும். பாதி சீசன் முடிந்ததும் எல்லாருக்கும் பூஜ்யம்தான். 19-ஆவது ஆட்டத்தில் மட்டும் அவரை உட்காரவைத்தால் கவலை விட்டது. கோப்பை ஆட்டத்தில் எப்படியும் தடை போய்விடும், அதனால் லீக்கில் இழப்பே இல்லை.

பழைய விசில்:
கொடி, முதல் வரியும் கடைசி வரியும் தப்பு. நடுவில் இருப்பது மட்டும் சரி.

19-ஆவது ஆட்டம் ஒரு கெடு, அவ்வளவுதான். அதற்குள் 5 மஞ்சள் சேர்ந்தால் ஓர் ஆட்டம் தடை. சேராவிட்டால் அந்தத் தடை கிடையாது. ஆனால் வாங்கிய அட்டைகள் எங்கேயும் போகவில்லை, அவர் பெயரில் அப்படியே இருக்கின்றன. அடுத்த கெடு 32-ஆவது ஆட்டம். அதற்குள் மொத்தம் 10 சேர்ந்தால் இரண்டு ஆட்டம் தடை. சீசன் முடிவதற்குள் 15 ஆனால் மூன்று ஆட்டம்.

உங்கள் வீரரையே எடுத்துக்கொள்ளுங்கள். 19-ஆவது ஆட்டத்தில் அட்டை வாங்கினால் ஐந்து ஆகிறது, 20-ஆவது லீக் ஆட்டத்தில் அவர் இல்லை. 19-இல் தப்பி 20-இல் வாங்கினாலும் ஐந்துதான், ஆனால் தடை இல்லை, அடுத்த வாரம் தாராளமாக ஆடலாம். அதன் பிறகு 21-இலிருந்து 32-க்குள் இன்னும் ஐந்து வாங்கினால் பத்தாகி, இரண்டு ஆட்டம் வெளியே. கொடி சொல்வதுபோல் 19-இல் அழிந்திருந்தால் அப்போது அவர் கணக்கில் ஆறுதான் இருக்கும், தடையும் வராது. பழைய நாலையும் சேர்த்து எண்ணுவதால்தான் பத்து ஆகிறது.

கார்னர் கொடி:
சரி, அழியாது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் உலகக் கோப்பையில் அழிக்கிறார்களே? அதைப் பார்த்துத்தான் சொன்னேன்.

பழைய விசில்:
அங்கே அழிக்கிறார்கள், உண்மை. காலிறுதி முடிந்ததும் ஒற்றை மஞ்சளை எடுத்துவிடுவார்கள், அதுவும் 2010 முதல். அதற்கு முன் 2002-இல் பாலாக் அரையிறுதியில் வாங்கிய மஞ்சளால் இறுதி ஆட்டத்தையே இழந்தார். ஆனால் அது ஒரு மாதப் போட்டி, 38 ஆட்ட லீக்குக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

வடக்கு ஸ்டாண்ட்:
எனக்கு இந்தக் கெடுவே பிடிக்கவில்லை. ஒருவர் முதல் பத்து ஆட்டத்தில் ஐந்து வாங்குகிறார், ஓர் ஆட்டம் தடை. பிறகு திருந்தி சீசன் முழுக்க ஒன்றுகூட வாங்கவில்லை. இன்னொருவர் 19-க்குள் நாலு, 32-க்குள் மொத்தம் ஒன்பது வாங்குகிறார். அவருக்கு ஒரு தடையும் இல்லை! ஐந்து வாங்கினவன் வெளியே, ஒன்பது வாங்கினவன் உள்ளே. இதில் என்ன நியாயம்?

ஸ்பெயினில் பாருங்கள். ஐந்து மஞ்சள், ஓர் ஆட்டம் தடை, கணக்கு திரும்பவும் முதலிலிருந்து. கெடுவும் இல்லை, ஒன்றும் இல்லை. ஜெர்மனியிலும் ஒவ்வோர் ஐந்தாவதுக்கும் ஓர் ஆட்டம். சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

பழைய விசில்:
நீங்கள் சொல்லும் ஒன்பது மஞ்சள்காரர் உண்மையிலேயே தப்பிக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் கெடு இல்லாத முறையில் வேறொரு வியாதி இருக்கிறது. ஐந்தாவது என்றைக்காவது வந்தே தீரும் என்றால், அது எப்போது வரவேண்டும் என்று வீரரே தீர்மானிக்கப் பார்ப்பார். பெரிய ஆட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால், சுமாரான அணியோடு ஆடும்போது, கடைசி நிமிடத்தில் பந்தைத் தூக்கி எறிந்து ஒரு மஞ்சளை வாங்கிக்கொள்வார். எளிதான ஆட்டத்தில் தடை கழிந்துவிடும்.

லீக்கில் இதை நிரூபிப்பது கஷ்டம். நிரூபணமானது சாம்பியன்ஸ் லீக்கில், ராமோஸ் விஷயத்தில். 2019 பிப்ரவரி 13 அன்று ஆம்ஸ்டர்டாமில் அயாக்ஸுக்கு எதிராக ரியல் மாட்ரிட் 2-1 என்று முன்னிலையில் இருந்தது. முடிவு நெருங்கும்போது அவர் ஃபவுல் செய்து அந்தப் போட்டியில் மூன்றாவது மஞ்சளை வாங்கினார். அதனால் திரும்ப ஆடும் ஆட்டத்தில் தடை, காலிறுதிக்குச் சுத்தமாகப் போகலாம் என்ற கணக்கு. ஆட்டம் முடிந்ததும் வாயை அடக்கியிருக்கலாம். வேண்டுமென்றே வாங்கியது போலப் பேசிவிட்டார். யூயெஃபா தடையை இரண்டு ஆட்டமாக்கியது. மார்ச் 5 அன்று அவர் இல்லாமல் சொந்த மைதானத்தில் 1-4 தோல்வி, வெளியேற்றம். அந்தக் காலிறுதியே வரவில்லை.

வடக்கு ஸ்டாண்ட்:
ராமோஸ் பேசினதால் மாட்டினார். பேசாதவர்கள் எத்தனை பேரோ. ஆனால் கெடு வைத்தால் மட்டும் ஏமாற்று நின்றுவிடுமா? 17, 18, 19-ஆவது ஆட்டங்களில் நாலு மஞ்சள் உள்ளவர் டேக்கிளுக்கே போகமாட்டார். பயிற்சியாளர் ஐம்பதாவது நிமிடத்தில் வெளியே எடுத்துவிடுவார். காசு கொடுத்துப் பார்க்க வந்தவனுக்குப் பாதி வீரர்தான் கிடைக்கிறார்.

பழைய விசில்:
டேக்கிளுக்குப் போக யோசிக்கிறார் என்றால் விதி வேலை செய்கிறது என்றுதான் நான் சொல்வேன்.

எட்டாம் நம்பர்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உள்ளூர் அமெச்சூர் லீக்கில் எனக்குச் சிவப்பு அட்டை, ஓர் ஆட்டம் தடை. அடுத்த வாரம் ஒரு நட்பு ஆட்டம் இருந்தது. அதில் உட்கார்ந்தேன், தடை கழிந்தது என்று நினைத்து அதற்கடுத்த லீக் ஆட்டத்தில் இறங்கி ஒரு கோலும் போட்டேன். 2-0 வெற்றி. மூன்று நாள் கழித்து எதிரணிக்கு 3-0 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நட்பு ஆட்டம் கணக்கில் வராது என்று ஒருத்தரும் எங்களிடம் சொல்லவில்லை. தப்பு யாருடையது?

பழைய விசில்:
உங்கள் அணியுடையதுதான் தம்பி, வருத்தமாக இருந்தாலும். யார் ஆடலாம், ஆடக்கூடாது என்று பார்த்துக்கொள்வது கிளப்பின் வேலை. உங்களுக்கு ஆறுதலாக ஒன்று சொல்கிறேன். ரியல் மாட்ரிட்டுக்கே இது நடந்திருக்கிறது. 2015 டிசம்பரில் ஸ்பெயினின் அரசர் கோப்பையில் காடிஸ் அணியோடு ஆடும்போது செரிஷெவை இறக்கினார்கள். முந்தைய சீசனில் வியாரியலுக்குக் கடனாக ஆடியபோது அதே கோப்பையில் சேர்ந்த மஞ்சள் அட்டைகளுக்கான தடை அவருக்குப் பாக்கி இருந்தது. கிளப் மாறினாலும், சீசன் மாறினாலும் தடை ஆளோடு போகும் என்பதை யாரும் கவனிக்கவில்லை. அவர் ஆரம்பத்திலேயே கோல் போட்டார், இரண்டாம் பாதி தொடங்கியதுமே அவசரமாக வெளியே எடுத்தார்கள். 3-1 என்று ஜெயித்தும் போட்டியை விட்டே நீக்கிவிட்டார்கள்.

நடுக்களம்:
என் கோப்பைக் கேள்வி அப்படியே நிற்கிறது. 19-இல் ஐந்தாவது வாங்கிவிட்டால் கோப்பை ஆட்டத்தில் உட்கார்ந்து கழித்துவிடலாமா, கூடாதா?

பழைய விசில்:
மன்னியுங்கள், பேச்சு எங்கேயோ போய்விட்டது. கழிக்க முடியாது. இங்கிலாந்தில் லீக்கில் சேர்ந்த மஞ்சளுக்கான தடை லீக்கில் மட்டும்தான். கோப்பை ஆட்டத்தில் அவர் ஆடலாம், 20-ஆவது லீக் ஆட்டத்தில்தான் இருக்கமாட்டார்.

சிவப்பு அட்டை வேறு. அந்தத் தடை அடுத்து வரும் உள்நாட்டு ஆட்டத்தில் போகும், லீக்கோ கோப்பையோ. 2024-இல் ஆர்சனலுக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு விதமாகவும் நடந்தது. செப்டம்பர் 22 அன்று மான்செஸ்டர் சிட்டி மைதானத்தில் ட்ரொசார்ட் பந்தைத் தட்டிவிட்டதற்கு இரண்டாவது மஞ்சள் வாங்கி வெளியேறினார். அடுத்த ஆட்டம் 25-ஆம் தேதி போல்டனோடு லீக் கோப்பை. தடை அதில் கழிந்தது. 28 அன்று லெஸ்டரோடு லீக் ஆட்டத்தில் திரும்பி வந்து கோலும் போட்டார். அக்டோபர் 19 அன்று போர்ன்மத்தில் சலிபாவுக்கு நேரடிச் சிவப்பு, ஓர் ஆட்டம் தடை. நடுவில் சாம்பியன்ஸ் லீக்கில் ஷக்தார் ஆட்டம் வந்தது. அது யூயெஃபாவின் போட்டி, இங்கிலாந்துத் தடை அங்கே செல்லாது, அதனால் அதில் ஆடினார். தடை விழுந்தது 27 அன்று லிவர்பூல் ஆட்டத்தில். ஒரே தடை, ஒருவருக்குப் போல்டன், இன்னொருவருக்கு லிவர்பூல். எல்லாம் அட்டவணை செய்யும் வேலை.

கார்னர் கொடி:
அப்படியென்றால் உங்கள் ஆள் 19-இல் இரண்டு மஞ்சள் வாங்கி வெளியேறுவதே லாபம்! தடை கோப்பையில் போய்விடும். ஆனால் நாலும் இரண்டும் ஆறு ஆகிவிடுமே, அந்த ஐந்துக்கான தடை தனியாக வருமா?

பழைய விசில்:
வராது. இரண்டு மஞ்சளால் வெளியேறினால் அந்த இரண்டும் சேமிப்புக் கணக்கில் ஏறாது. நாலு நாலாகவே நிற்கும். ஆனால் முதலில் ஒரு மஞ்சள், பிறகு நேரடிச் சிவப்பு என்றால் அந்த மஞ்சள் ஏறும். கை ஓங்கியதற்காக நேரடிச் சிவப்பு என்றால் மூன்று ஆட்டம், ஐந்தாவது மஞ்சளுக்கு ஒன்று, ஆக நாலு.

நீங்கள் சொல்லும் லாபம் காகிதத்தில் இருக்கிறது, மறுக்கமாட்டேன். ஆனால் அதற்காக மீதி ஆட்டத்தைப் பத்துப் பேரோடு ஆடவேண்டும். எந்தப் பயிற்சியாளரும் அதைச் சொல்லிக்கொடுக்கமாட்டார்.

வடக்கு ஸ்டாண்ட்:
பார்த்தீர்களா, சாதாரண மஞ்சளுக்கு லீக் ஆட்டம் போகிறது, சிவப்புக்குக் கோப்பை ஆட்டம் போகிறது. பெரிய குற்றத்துக்குச் சின்னத் தண்டனை. ஸ்பெயின் முறையே மேல் என்று மறுபடியும் சொல்கிறேன்.

பழைய விசில்:
சொல்லுங்கள். நான் மாறப்போவதில்லை.

நடுக்களம், ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 19 என்பது உங்கள் கிளப் ஆடிய லீக் ஆட்டங்களின் எண்ணிக்கை. தேதியும் இல்லை, சுற்றும் இல்லை. இடையில் ஏதாவது ஆட்டம் தள்ளிப்போயிருந்தால், மற்றவர்கள் 19 முடித்திருக்கும்போது நீங்கள் இன்னும் 18-இல் இருப்பீர்கள்.

நடுக்களம்:
நவம்பரில் ஒன்று மழையில் தள்ளிப்போனது! 18 என்று நான் எழுதியது சுற்றுக் கணக்கு. ஆடியது 17. அப்படியென்றால் அவர் தாண்டவேண்டியது ஒன்றல்ல, இரண்டு ஆட்டம்.