ஃபார்வர்டு ஒப்பந்தம்: ஒரே தேதியா, ஒரு மாத அவகாசமா?

வணக்கம். திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்கிறேன். தைவானில் வாங்கும் நிட்டிங் மெஷினுக்கு 60,000 டாலர் தர வேண்டும். கப்பலில் ஏற்றிய நாளிலிருந்து 90 நாள் தவணை. டாலர் விலையை முன்கூட்டியே உறுதிசெய்ய வங்கியில் ஃபார்வர்டு ஒப்பந்தம் போடப் பார்க்கிறேன். வங்கி சொன்ன கணக்கு: அன்றைய விலை 85 ரூபாய், மூன்று மாத பிரீமியம் 45 பைசா, மார்ஜின் 10 பைசா. ஆக 85.55. மொத்தம் 51,33,000 ரூபாய். டாலர் இறங்கினாலும் இதே விலைதான், அது சரி.

கவலை தேதியில்தான். கப்பல் இரண்டு வாரம் தள்ளிப்போனால் தவணையும் தள்ளும். ஒரே தேதிக்குப் போட்டிருந்தால் ரத்து செய்து புதிதாகப் போட வேண்டும். அன்று டாலர் இறங்கியிருந்தால் வித்தியாசத்தை உடனே கையிலிருந்து கட்ட வேண்டும். ஒரு மாதத்துக்குள் எந்த நாளிலும் டாலரை எடுக்கலாம் என்ற அவகாசத்தோடு போட்டால், கடைசி நாள் வரைக்குமான பிரீமியத்தைப் பிடிப்பார்கள். கூடுதலாக 15 பைசா, அதாவது 9,000 ரூபாய்.

கப்பல் தேதி உறுதியாகாதபோது நீங்கள் எப்படிப் போடுகிறீர்கள்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.