மொட்டை மாடிச் சூட்டை வீட்டுக்காரருக்கு விளக்கிய அனுபவங்கள்

வடவாறு:
மன்னார்குடிப் பக்கம் ஒரு வீடு. ஐந்து அங்குல கான்கிரீட் தளம், உள்பூச்சு முடிந்த நிலை. "மேலே எந்த ஓடு போட்டால் குளிரும்?" என்று கேட்கத்தான் கூப்பிட்டார்கள். ஓட்டைப் பிறகு பார்ப்போம், முதலில் அடியில் எக்ஸ்.பி.எஸ். என்கிற சூடு தடுக்கும் நுரை அட்டை போடலாமா என்று யோசியுங்கள் என்றேன். "பகலில் உள்ளே நன்றாகத்தானே சார் இருக்கு, எதுக்கு வீண் செலவு?" என்றார் வீட்டுக்காரர்.

சரி என்று ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பப் போனேன். ஸ்டூலில் ஏறி சீலிங்கில் கை வைக்கச் சொன்னேன். வைத்தார். இறங்கிச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி ஏறி சீலிங்கைத் தொட்டார். "வெயில் போய் இவ்வளவு நேரம் ஆச்சே!" என்றார். மேலே வாங்குகிற சூடு கான்கிரீட்டைத் தாண்டி இறங்க மூன்று நான்கு மணி நேரமாகும். நாம் சாப்பிட்டுப் படுக்கிற நேரத்துக்குத்தான் சரியாக வந்து சேரும், ஃபேன் அதைத் தலைமேல் இறக்கும். இரண்டு அங்குல அட்டை தடுக்கிற சூட்டைக் கான்கிரீட்டை வைத்தே தடுப்பதென்றால் எட்டடிக்கு மேல் தடிமன் வேண்டும் என்று சொன்னதும் ஒத்துக்கொண்டார்.

அப்புறம்தான் சிக்கல். மாடிப்படி அறைக் கதவு நிலை தளத்திலிருந்து மூன்று அங்குலம்தான் உயர்ந்திருக்கிறது. அட்டை இரண்டு, அதன்மேல் கான்கிரீட் பூச்சு இரண்டு, ஓடும் கலவையும் ஒன்று. ஐப்பசி மழை நேராகப் படியில் இறங்கும். நிலையைப் பெயர்த்து ஏற்றலாம் என்றால் அவருடைய அம்மா விடவில்லை. நாள் பார்த்து வைத்த நிலையாம்.

அரசலாறு:
அட்டையெல்லாம் வியாபாரம் சார். கும்பகோணத்தில் எங்கள் மாடிக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் மட்டும்தான். முதல் சித்திரையில் வீடு அப்படி இருந்தது! அடுத்த வருஷம் அவ்வளவு இல்லை. டூப்ளிகேட் பெயிண்டைக் கொடுத்துவிட்டான் போல.

பாமணி:
டூப்ளிகேட் இல்லைங்க. நான் மேஸ்திரி, இதை நிறைய பார்த்திருக்கேன். புது வெள்ளை வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் பாசி பிடித்துக் கறுத்தால் அந்த வேலை பாதியாகக் குறையும். அறுப்புத் தூசி வேற. தை மாசம் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்க, பாதி திரும்பி வரும். மிச்சத்துக்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை பூச்சுதான்.

வடவாறு சார் அட்டையைச் சொல்கிறார், எனக்கு அதில் பாதி சம்மதம்தான். ஒரு வீட்டில் விலை குறைவு என்று தெர்மகோல் அட்டையை விரித்தார்கள். இணைப்பில் தண்ணீர் இறங்கி உள்ளேயே தங்கியது, ஒரே மழையில் ஓடு ஆட ஆரம்பித்தது. போடுவதானால் முதலில் தளத்தில் இரண்டு நாள் தண்ணீர் கட்டி ஒழுகல் பாருங்க. வாட்டர் புரூஃப் அடித்து, அட்டை இணைப்பை டேப் ஒட்டி மூடி, கோழிவலை விரித்துப் பூச்சு போடுங்க. தண்ணி டேங்க் நிற்கிற இடத்தை விட்டுடுங்க. வாட்டம் கொடுக்க மறந்தால் இத்தனையும் வீண்.

முள்ளியாறு:
எங்கள் வீட்டு மாடியும் ஒழுகுது. இந்த அட்டையை ஒட்டினால் நிற்குமா? முன்னாடி மேலே தகர ஷீட் கொட்டகை போட்டிருந்தோம். நிழலுக்கு நிழல், ஒழுகலும் இல்லை. 2018 கஜாவில் கொட்டகை மொத்தமும் பக்கத்து வயலில் கிடந்தது. அதிலிருந்து ஷீட் என்றாலே வீட்டில் சண்டை.

வடவாறு:
முள்ளியாறு, அட்டை சூட்டுக்கு, ஒழுகலுக்கு இல்லை. ஒழுகலை நிறுத்தாமல் மேலே போட்டால் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்றே பிறகு கண்டுபிடிக்க முடியாது.

பாமணி, நீங்கள் பார்த்தது தெர்மகோல். அது தண்ணீரை உள்ளே இழுக்கும், எக்ஸ்.பி.எஸ். மிகக் குறைவாகத்தான் இழுக்கும். இணைப்பு பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அரசலாறு, உங்கள் பெயிண்டை நான் குறை சொல்லவில்லை. அட்டைக்கு மேலேயும் வெள்ளை ஓடுதான் போடச் சொல்வேன்.

அந்த வீட்டில் இப்போதைக்குப் பேசியிருப்பது மேலே வெள்ளை ஓடு, படுக்கையறைகளில் மட்டும் சீலிங்குக்குக் கீழே ராக்வூல் என்கிற சூடு தடுக்கும் கல் பஞ்சு வைத்து ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங். அறைக்குச் சூடு குறையும். ஆனால் தளம் பகலில் காய்ந்து விரிவதும் ராத்திரி சுருங்குவதும் அப்படியேதான் நடக்கும். அந்த வெடிப்பைத் தடுக்க அட்டை மேலேதான் இருக்க வேண்டும், அதுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

அரசலாறு:
நிலையைத் தொடாமல் வாசலில் அரையடித் திட்டு கட்டினால் மழை உள்ளே வராதே?

வடவாறு:
அதையும் சொல்லிப் பார்த்தேன். நிலை ஆறரை அடி, திட்டு போனால் ஆறடி. வீட்டுக்காரர் அதைவிட ஒரு அங்குலம் கூட.